பல ஆண்டு வரி நோட்டீஸ்: வங்கியிடம் வட்டிச் சான்றிதழும் பழைய ஸ்டேட்மென்ட்டும் கேட்கும்போது எங்கே சிக்குகிறது, எப்படி விடுவிப்பது

டெபாசிட் வட்டியைக் கணக்கில் காட்டவில்லை என்று வருமான வரித்துறையிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து நோட்டீஸ் வந்தால், பதில் எழுதுவதைவிட வங்கியிலிருந்து சரியான காகிதத்தை வாங்குவதுதான் பெரும்பாடு. ஆடிட்டர் ‘வட்டிச் சான்றிதழும் ஸ்டேட்மென்ட்டும் வாங்கி வாருங்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். கிளைக்குப் போனால் ஏதோ ஒரு தாள் கிடைக்கும். அது நோட்டீஸில் உள்ள தொகையோடு பொருந்தாது. மறுபடியும் கிளைக்கு ஓட வேண்டும். வழக்கமாகச் சிக்கல் எழும் இடங்களை, அவை வெளியே தெரியும் விதத்தை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

சான்றிதழ் வந்தது, ஆனால் ஆண்டே வேறு

நோட்டீஸில் ‘மதிப்பீட்டு ஆண்டு 2019-20’ என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கிளையில் ‘2019-20க்குச் சான்றிதழ் வேண்டும்’ என்று கேட்டால் தவறான தாள்தான் வரும். வங்கிக்குத் தெரிந்தது நிதியாண்டு மட்டுமே. மதிப்பீட்டு ஆண்டு 2019-20 என்பது நிதியாண்டு 2018-19-இல் ஈட்டிய வருமானத்துக்கானது. அதாவது 2018 ஏப்ரல் 1 முதல் 2019 மார்ச் 31 வரை. வங்கிக்கு எழுதும்போது ஆண்டின் பெயரை எழுதுவதைவிட இந்தத் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் எழுதுங்கள். தேதி எழுதினால் குழப்பத்துக்கே இடமில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற சொல் போய் ‘வரி ஆண்டு’ வந்திருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கான நடவடிக்கைகள் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியே தொடர்கின்றன. எனவே பழைய ஆண்டு நோட்டீஸில் பழைய முறையைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொன்று. பழைய ஆண்டின் கணக்கை மறுபடி திறப்பதற்கு முன் விளக்கம் கேட்டு 148ஏ பிரிவின் கீழ் வரும் நோட்டீஸ் ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் தனித்தனியாக வரும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆவண எண், தனிக் கெடு, தனிப் பதில். மூன்று ஆண்டுச் சான்றிதழை ஒரே தாளில் வாங்கிக்கொண்டால் பிறகு பிரித்து இணைக்க முடியாமல் தவிப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு சான்றிதழ் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வந்த நோட்டீஸ் மெய்யானதுதானா என்ற ஐயம் இருந்தால், வரித்துறை இணையதளத்தின் முகப்பில் உள்ள `Authenticate Notice/Order Issued by ITD` என்ற இடத்தில் அந்த ஆவண எண்ணை இட்டுப் பார்க்கலாம். வங்கிக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

வாயால் கேட்டீர்கள், ஏதோ ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்

கவுன்டரில் இருப்பவருக்கு உங்கள் நோட்டீஸ் தெரியாது. ‘வட்டிச் சான்றிதழ்’ என்றால் அவர் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி, உங்கள் வாடிக்கையாளர் எண்ணில் வருவதை அச்சிட்டுத் தருவார். ‘ஸ்டேட்மென்ட்’ என்றால் சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டைத் தருவார். உங்களுக்குத் தேவையானது பெரும்பாலும் மூன்றாவது ஒரு காகிதம்: ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் வங்கியில் தனிக் கணக்கு எண் உண்டு, அந்த எண்ணுக்கும் ஸ்டேட்மென்ட் எடுக்க முடியும். எந்த நாளில் எவ்வளவு வட்டி சேர்ந்தது, எவ்வளவு வரி பிடித்தார்கள், எப்போது முதிர்ந்து எந்தக் கணக்குக்குப் போனது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் தருவார்கள்.

எனவே எழுத்தில் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்:

> கிளை மேலாளர் அவர்களுக்கு,
>
> வருமான வரித்துறை நோட்டீஸுக்குப் பதில் அளிப்பதற்காக, என் வாடிக்கையாளர் எண் ........., பான் எண் ......... தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றைக் கையொப்பமும் முத்திரையும் இட்டு வழங்கக் கோருகிறேன்.
>
> 1. 1-4-2018 முதல் 31-3-2019 வரை, 1-4-2019 முதல் 31-3-2020 வரை, 1-4-2020 முதல் 31-3-2021 வரை, 1-4-2021 முதல் 31-3-2022 வரை ஆகிய ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்தனி வட்டிச் சான்றிதழ். முடிந்துபோன டெபாசிட்டுகளும் அதில் இடம்பெற வேண்டும். கையில் கொடுத்த வட்டியும் சேர்ந்து நிற்கும் வட்டியும் தனித்தனியே காட்டப்பட வேண்டும்.
>
> 2. மேற்கண்ட காலத்தில் இருந்த ஒவ்வொரு டெபாசிட் கணக்குக்கும், தொடங்கிய நாள் முதல் முடிந்த நாள் வரையிலான கணக்கு ஸ்டேட்மென்ட்.
>
> 3. சேமிப்புக் கணக்கு எண் ......... இன் ஸ்டேட்மென்ட், 1-4-2018 முதல் 30-4-2022 வரை.
>
> 4. வரி பிடித்த காலாண்டுகளுக்கான படிவம் 16ஏ.
>
> பதில் அளிக்க வேண்டிய கடைசி நாள் .......... இதற்கான கட்டணத்தை என் சேமிப்புக் கணக்கில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

கட்டணத்தைப் பற்றிய அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். பழைய ஸ்டேட்மென்ட்டுக்குப் பல வங்கிகள் பக்கத்துக்கோ ஆண்டுக்கோ கட்டணம் வைத்திருக்கின்றன. சம்மதம் எழுத்தில் இல்லை என்பதற்காகவே கடிதம் மேசையில் கிடக்கும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே கடிதத்தைக் கிளையின் மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்பிவிடுங்கள். பின்னால் கெடு நீட்டிப்பு கேட்கும்போதும் புகார் கொடுக்கும்போதும் இந்த முத்திரைப் பிரதிதான் உங்கள் ஆதாரம். நோட்டீஸின் பிரதியை வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் கணக்கின் விவரத்தைக் கேட்க உங்களுக்கு உள்ள உரிமையே போதும்.

சான்றிதழில் ஒரு தொகை, நோட்டீஸில் வேறு, பாஸ்புக்கில் ஒன்றுமே இல்லை

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். இதை ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்.

கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், வயது அறுபதுக்குக் கீழ், 2018 ஏப்ரல் 1 அன்று 5,00,000 ரூபாயை மூன்று ஆண்டு டெபாசிட்டில் போடுகிறார். வட்டி 7 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும் வகை. வட்டி கைக்கு வராது. முதிர்வில் மொத்தமாக வரும். 2021 ஏப்ரல் 1 அன்று அவருடைய சேமிப்புக் கணக்கில் 6,15,720 ரூபாய் வருகிறது. பாஸ்புக்கில் தெரிவது இந்த ஒரே ஒரு வரவுதான். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இந்த டெபாசிட்டின் வட்டி என்று ஒரு வரவும் கிடையாது.

ஆனால் வங்கியின் ஏடு வேறு விதமாக ஓடுகிறது. வட்டி கைக்கு வந்தாலும் வராவிட்டாலும், சேர்ந்த வட்டியை ஆண்டுதோறும் கணக்கில் எழுதி, வரம்பைத் தாண்டினால் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 194ஏ பிரிவின் கீழ் வரி பிடித்துவிட வேண்டும். இந்த டெபாசிட்டில் சேர்ந்த வட்டியும், அவருடைய பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் வரித்துறையின் 26ஏஎஸ் படிவத்தில் அது வந்ததா என்பதும் இதோ:

| நிதியாண்டு | சேர்ந்த வட்டி (ரூ.) | வரி பிடிப்பு வரம்பு (ரூ.) | 26ஏஎஸ் படிவத்தில் |
|---|---|---|---|
| 2018-19 | 35,930 | 10,000 | இருக்கிறது |
| 2019-20 | 38,511 | 40,000 | இல்லை |
| 2020-21 | 41,279 | 40,000 | இருக்கிறது |

நடுவில் உள்ள ஆண்டைக் கவனியுங்கள். வட்டி முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. ஆனால் 2019-20 முதல் வரி பிடிப்பு வரம்பு 10,000-இலிருந்து 40,000 ஆக உயர்ந்ததால் அந்த ஆண்டில் வங்கி வரி பிடிக்கவில்லை. வரி பிடிக்காததால் 26ஏஎஸ் படிவத்தில் அந்த வட்டி வரவில்லை. இப்போது எல்லோரும் பார்க்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையில், அதாவது ஏ.ஐ.எஸ்.-இல், வரி பிடிக்காத வட்டியும் வரும். ஆனால் அந்த அறிக்கை நிதியாண்டு 2020-21 முதல்தான் கிடைக்கிறது. ஆக, நோட்டீஸ் முதல் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் மட்டும் வந்து சேரும். அவரோ மொத்த வட்டி 1,15,720-ஐயும் பணம் கைக்கு வந்த ஆண்டில், அதாவது மதிப்பீட்டு ஆண்டு 2022-23-க்கான ரிட்டர்னில், ஒரே தொகையாகக் காட்டி வரியும் கட்டியிருக்கிறார்.

இந்த நிலையில் நோட்டீஸ் வந்த இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் வட்டிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? ‘35,930 ரூபாய் வட்டி, ரிட்டர்னில் இல்லை’ என்று துறை சொன்னதை நீங்களே சான்றிதழோடு உறுதிப்படுத்திக் கொடுத்ததாகிவிடும். மேலும் 2021-22-க்கான வட்டிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அதில் 1,15,720 இருக்காது. ஏனென்றால் வங்கியின் ஏட்டில் அந்த வட்டி முந்தைய மூன்று ஆண்டுகளிலேயே எழுதி முடிந்துவிட்டது. எந்த ஒரு சான்றிதழும் தனியாக நின்று அவருடைய நிலையை விளக்காது.

விளக்கக்கூடிய காகிதம் அந்த டெபாசிட் கணக்கின் ஸ்டேட்மென்ட் ஒன்றுதான். தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை பன்னிரண்டு காலாண்டு வட்டியும் அதில் வரிசையாக இருக்கும். கூட்டினால் 1,15,720 வரும். அதன் பக்கத்தில் சேமிப்புக் கணக்கின் 2021 ஏப்ரல் பக்கத்தை வைத்தால் 6,15,720 வரவு தெரியும். அதன் பக்கத்தில் 2022-23 ரிட்டர்னை வைத்தால் அதே 1,15,720 தெரியும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ‘இந்த வட்டிக்கு ஏற்கெனவே வரி கட்டியாகிவிட்டது’ என்று காட்ட முடியும். மேலே உள்ள கடிதத்தில் நோட்டீஸ் வந்த ஆண்டுகள் மட்டும் இல்லாமல் நடு ஆண்டையும் முதிர்ந்த ஆண்டையும் சேர்த்துக் கேட்டதன் காரணம் இதுதான்.

வட்டியைச் சேரும்போது காட்டுவதா, கைக்கு வரும்போது காட்டுவதா என்பது நீங்கள் வழக்கமாகப் பின்பற்றி வரும் கணக்கு முறையைப் பொறுத்தது. ஒரு டெபாசிட்டுக்கு ஒரு முறை, இன்னொன்றுக்கு வேறு முறை என்று மாற்றி மாற்றிக் காட்டியிருந்தால் இந்தப் பதில் நிற்காது. அந்த இடத்தில் ஆடிட்டரின் துணை வேண்டும். பிடித்த வரிக்கான வரவை எந்த ஆண்டில் கோரினீர்கள் என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

பிடித்த வரியைத் தேடும்போது ஒரு குறிப்பு. சில வங்கிகள் அதை டெபாசிட்டிலிருந்தே எடுத்துவிடும். அப்போது முதிர்வுத் தொகை ரசீதில் அச்சிட்டதைவிடக் குறைவாக வரும். சில வங்கிகள் சேமிப்புக் கணக்கில் பிடிக்கும். 2018-19-இல் 10 சதவீதம், அதாவது மேலே உள்ள கணக்கில் 3,593 ரூபாய். 2020 மே 14 முதல் 2021 மார்ச் 31 வரை விகிதம் 7.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டில் 10 சதவீதம் போட்டுப் பார்த்து ‘தொகை இடிக்கிறதே’ என்று வங்கியோடு சண்டை போட வேண்டாம். படிவம் 15ஜி அல்லது 15எச் கொடுத்திருந்தால் வரி பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் வட்டி 26ஏஎஸ் படிவத்தில் அதற்கென்று உள்ள தனிப் பகுதியில் இருக்கும். முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் அந்தப் பகுதியையும் திறந்து பாருங்கள்.

சான்றிதழில் சில டெபாசிட்டுகளே இல்லை

26ஏஎஸ் படிவத்தில் ஒரு வங்கியின் பெயரில் உள்ள மொத்தத் தொகை, வங்கி கொடுத்த சான்றிதழின் மொத்தத்தைவிட அதிகமாக இருந்தால், உங்களுக்கு அந்த வங்கியில் இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருக்கக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊர்க் கிளையில் ஒரு கணக்கு, வேலைக்குப் போன ஊரில் இன்னொரு கணக்கு என்று தொடங்கியவர்களுக்கு இது சாதாரணமாக நடப்பது. சான்றிதழ் வாடிக்கையாளர் எண்ணை வைத்து எடுக்கப்படுகிறது. 26ஏஎஸ் பான் எண்ணை வைத்து எடுக்கப்படுகிறது. இரண்டு எண்களும் ஒரே பான் எண்ணோடு இணைந்திருந்தால் துறைக்கு இரண்டும் தெரியும். கவுன்டருக்கு ஒன்றுதான் தெரியும். ‘என் பான் எண்ணில் உள்ள எல்லா வாடிக்கையாளர் எண்களையும் தேடிப் பாருங்கள்’ என்று கேளுங்கள்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி 26ஏஎஸ் படிவத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரி பிடிப்பாளருக்கும் அதில் டான் எண் என்று ஒன்று இருக்கும். அதே வங்கியின் பெயர் இரண்டு டான் எண்களோடு வந்தால் இரண்டு இடங்களிலிருந்து வரி பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். வரித்துறை இணையதளத்தில் `Know TAN Details` என்ற இடத்தில் அந்த எண்ணை இட்டால் எந்த ஊர் முகவரி என்று தெரிந்துவிடும். அந்த ஊரில் உங்களுக்கு எப்போது கணக்கு இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ள அதுவே போதும்.

கூட்டுக் கணக்கில் வேறு விதமான சிக்கல். வட்டி முழுவதும் முதல் பெயருக்குரியவரின் பான் எண்ணில் எழுதப்படும். பணம் கணவருடையது, ரசீதில் முதல் பெயர் மனைவியுடையது என்றால் நோட்டீஸ் மனைவிக்குத்தான் வரும். சான்றிதழும் மனைவியின் கையொப்பத்தில்தான் கேட்க வேண்டும். அப்போது டெபாசிட் போட்ட நாளில் பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதைக் காட்டும் ஸ்டேட்மென்ட் பக்கத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பணம் யாருடையது என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

வைத்திருந்த பணத்தைவிட அதிக டெபாசிட் போட்டதாக நோட்டீஸ் சொல்கிறது

ஒரு நிதியாண்டில் ஒருவர் 10,00,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் டெபாசிட் போட்டால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுத் தகவல் அறிக்கையில் `SFT-005` என்ற குறியீட்டில் அது வரும். பழைய டெபாசிட்டைப் புதுப்பித்தால் அது இந்தக் கணக்கில் சேராது. ஆனால் டெபாசிட் முதிர்ந்து பணம் சேமிப்புக் கணக்குக்கு வந்து, அதை எடுத்து மறுபடி டெபாசிட்டில் போட்டால், வங்கியின் ஏட்டில் அது புதிய டெபாசிட்.

உதாரணமாக ஒருவர் 2020 ஜூன் 12 அன்று 7,00,000 ரூபாயை 182 நாள் டெபாசிட்டில் 5 சதவீத வட்டிக்குப் போடுகிறார். டிசம்பர் 11 அன்று 17,452 ரூபாய் வட்டியோடு சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. அதே நாளில் மறுபடி 7,00,000 போடுகிறார். கையில் இருந்தது ஏழு லட்சம்தான். துறைக்குப் போன கணக்கு பதினான்கு லட்சம். வட்டிச் சான்றிதழ் இதற்கு உதவவே உதவாது. டிசம்பர் 11 அன்று 7,17,452 வரவும் 7,00,000 பற்றும் அடுத்தடுத்த வரிகளாக நிற்கும் சேமிப்புக் கணக்கின் அந்தப் பக்கமும், இரண்டு டெபாசிட்டுகளின் ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். முதல் ஏழு லட்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் பின்னாலேயே வரும். ஆகவே 2020 ஜூன் மாதத்துக்கு முந்தைய ஸ்டேட்மென்ட்டையும், அந்தப் பணம் வந்து சேர்ந்த நாள் வரை பின்னோக்கிப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘அவ்வளவு பழைய பதிவு எங்களிடம் இல்லை’

இந்தப் பதிலுக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடித்தால்தான் அடுத்த அடி தெரியும்.

நெட்பேங்கிங்கில் கிடைக்கவில்லை என்பதை வைத்து ‘இல்லை’ என்று சொல்கிறார்களா? நெட்பேங்கிங்கில் சில ஆண்டுகள்தான் காட்டும். முடிந்துபோன டெபாசிட்டுகள் பட்டியலிலிருந்தே மறைந்திருக்கும். ஆனால் வங்கியின் மையக் கணினியில் அவை இருக்கும். பணச் சலவைத் தடுப்புச் சட்டப்படி ஒவ்வொரு பரிவர்த்தனையின் பதிவையும் வங்கி குறைந்தது 5 ஆண்டு வைத்திருந்தாக வேண்டும். வங்கிப் பதிவுகளைப் பாதுகாக்கும் காலம் குறித்த 1985-ஆம் ஆண்டு விதிகள் வாடிக்கையாளர் பேரேடுகளுக்கு 8 ஆண்டு என்கின்றன. நீங்கள் கேட்கும் ஆண்டு இதற்குள் இருந்தால், ‘இல்லை’ என்பதை எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் பல சமயம் பதிவு கிடைத்துவிடும்.

டெபாசிட் எண் தெரியாததால் தேட முடியவில்லையா? ஒவ்வொரு புதுப்பித்தலிலும் எண் மாறும் வங்கிகள் உண்டு. கையில் உள்ள ரசீதின் எண்ணுக்கும் கணினியில் உள்ள எண்ணுக்கும் தொடர்பே இருக்காது. அப்போது சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை முதலில் வாங்குங்கள். டெபாசிட்டுக்குப் பணம் போன வரியிலும் முதிர்ந்து வந்த வரியிலும் டெபாசிட்டின் எண் பெரும்பாலும் முழுதாகவோ பாதியாகவோ இருக்கும். அதைக் கொண்டு மீதியைக் கேளுங்கள்.

வங்கியே இணைந்து போய்விட்டதா? 2017 ஏப்ரல் 1 அன்று திருவாங்கூர் ஸ்டேட் வங்கி உள்ளிட்ட துணை வங்கிகள் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தன. 2019 ஏப்ரல் 1 அன்று விஜயா, தேனா இரண்டும் பாங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்தன. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. 2020 நவம்பர் 27 அன்று லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு சேர்ந்தது. இணைந்த வங்கி பழைய வங்கியின் கணக்குகளையும் கடமைகளையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் பழைய ஸ்டேட்மென்ட்டைத் தர வேண்டியதும் அதுதான். ஆனால் சட்டப்படி இணைந்த நாள் வேறு, கணினிகள் இணைந்த நாள் வேறு. கணினிகள் மாறியபோது கணக்கு எண்ணும் மாறியிருக்கலாம். புதிய எண்ணை மட்டும் கொடுத்தால் மாற்றத்துக்குப் பிந்தைய பதிவுகள்தான் வரும். கடிதத்தில் பழைய பாஸ்புக்கில் உள்ள எண், பழைய கிளையின் பெயர், பழைய ஐ.எஃப்.எஸ். குறியீடு மூன்றையும் எழுதி, ‘கணினி மாற்றத்துக்கு முந்தைய பதிவேட்டிலிருந்து’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கிளை இதை மண்டல அலுவலகத்துக்கோ தலைமை அலுவலகத்துக்கோ அனுப்பித்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே காலம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளின் 26ஏஎஸ் படிவத்தில் பழைய வங்கியின் பெயரும் பழைய டான் எண்ணுமே இருப்பது இயல்பு. அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். பதிலில் ஒரு வரி விளக்கம் போதும்.

ஸ்டேட்மென்ட் கையில் இருக்கிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை

கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டால், கடவுச்சொல்லை நீக்கிய பிரதியைத்தான் பதிவேற்ற வேண்டும். அதிகாரியால் திறக்க முடியாத ஆவணம் கொடுக்காத ஆவணத்துக்குச் சமம். கோப்பைத் திறந்து, அச்சிடும் கட்டளையில் புதிய பி.டி.எஃப்.-ஆகச் சேமித்தால் பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாத பிரதி கிடைக்கும்.

இன்னும் முக்கியமானது பக்கங்களின் தொடர்ச்சி. ஒவ்வொரு ஆண்டின் இறுதி இருப்பும் அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மார்ச் 31 இருப்பு 84,210 என்று முடிந்து, அடுத்த தாள் ஏப்ரல் 1 அன்று 91,460 என்று தொடங்கினால், நடுவில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது அல்லது வேறு கணக்கின் தாள் கலந்திருக்கிறது. மார்ச் 31 அன்று இரவு எழுதப்படும் வட்டி இந்த இடைவெளியில்தான் அடிக்கடி விழுந்துவிடும். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால் இன்னொரு நடை மிச்சம்.

கெடு நெருங்குகிறது, வங்கி இன்னும் தரவில்லை

பேசாமல் இருப்பதுதான் இங்கே மிகப் பெரிய ஆபத்து. வரித்துறை இணையதளத்தில் `Pending Actions` என்பதன் கீழ் `e-Proceedings` சென்று, அந்த நோட்டீஸில் கெடு நீட்டிப்பு கோரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரைப் பிரதியை இணைத்து, எந்த ஆவணம் எந்தக் கிளையிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்று சொல்லி, ஒரு குறிப்பிட்ட தேதி வரை அவகாசம் கேளுங்கள். கடைசி நாள் இரவில் கேட்காதீர்கள்.

அவகாசம் கிடைக்காவிட்டால், அல்லது அதைக் கேட்கும் வசதியே இல்லாவிட்டால், கையில் உள்ளதை வைத்துக் கெடுவுக்குள் பதில் போட்டுவிடுங்கள். பாஸ்புக் பக்கம், டெபாசிட் ரசீதின் பிரதி, 26ஏஎஸ், ரிட்டர்ன், இவற்றோடு வங்கிக்கு எழுதிய கடிதம். அதில் இன்னொரு வேண்டுகோளையும் சேர்க்கலாம்: 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 133(6) பிரிவின் கீழ் அதிகாரி வங்கியிடமிருந்து நேரடியாக விவரம் கேட்டு வாங்க முடியும். ‘நான் கேட்டும் வங்கி தரவில்லை, இந்தக் கணக்கு எண்களுக்கான ஸ்டேட்மென்ட்டைத் தாங்கள் நேரடியாக வரவழைக்க வேண்டுகிறேன்’ என்று எழுதுங்கள். கணக்கு எண், கிளை, காலம் மூன்றையும் தெளிவாகக் கொடுங்கள். பின்னால் மேல்முறையீடு வரை போக நேர்ந்தால், ஆவணம் தர நீங்கள் முயன்றீர்கள் என்பதற்கு இந்த வரி சாட்சியாக நிற்கும்.

வங்கியின் மேல் புகாரை இதோடு இணையாக நடத்துங்கள். முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிப் புகார் எண் வாங்குங்கள். 30 நாள் ஆகியும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். பொதுத்துறை வங்கியாக இருந்தால் உங்கள் சொந்தக் கணக்கு விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். அதற்கும் 30 நாள். நோட்டீஸின் கெடு பெரும்பாலும் இவற்றுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், இவற்றை நம்பி முதல் பதிலைத் தள்ளிப்போடக் கூடாது. ஆவணம் பிறகு வந்து சேர்ந்தால், நடவடிக்கை முடியாமல் இருக்கும்வரை கூடுதல் பதிலாக இணைக்க முயலுங்கள். அப்படி இணைக்கும்போது, முதல் பதிலில் எந்தப் பத்தியில் ‘வர வேண்டியிருக்கிறது’ என்று எழுதினீர்களோ அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.